இரண்டு லட்சம் புள்ளிகள் உள்ள வரைபடத்தை ஆய்விதழுக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் நான்கு சென்சார்கள் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மண்ணின் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் ஓராண்டு பதிவு செய்திருக்கிறேன். பைத்தானில் `figsize=(10, 7)` என்று வைத்துப் புள்ளிகளாக வரைந்தேன். எஸ்விஜியாகச் சேமித்தால் முப்பது எம்பி வருகிறது. பிடிஎஃப் திறப்பதற்கே கணினி திணறுகிறது. ஆய்விதழ் வெக்டர் கோப்பு கேட்கிறது. என் நெறியாளர் பிஎன்ஜி போதும் என்கிறார். எதைக் கேட்பது, ஐயா?

பதில்:

ஆய்விதழ் கேட்பதும் நியாயம், நெறியாளர் சொல்வதும் நியாயம். ஆய்விதழ்க்காரர்கள் உங்கள் படத்தில் உள்ள எழுத்துகளையும் கோடுகளையும் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். நெறியாளருடைய கண் அந்தப் புள்ளிக் கூட்டத்தின் மேல் இருக்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் நிறைவேற்ற முடியும். தருமபுரியில் இருந்தபடியே பல ஆண்டுகளாக ஆய்விதழ்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்து வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாணவர்கள் வாரக்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அந்த முப்பது எம்பி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளைக்கு 144, ஆண்டுக்கு 52,560. நான்கு சென்சார்களுக்கும் சேர்த்து 2,10,240 புள்ளிகள். வெக்டர் கோப்பு என்பது படமாக இருப்பதில்லை; படத்தை எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்புகளின் பட்டியலாக இருக்கிறது. “இந்த இடத்தில் ஒரு வட்டம் போடு, இந்த நிறம் கொடு” என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி. எஸ்விஜி கோப்பை நோட்பேடில் திறந்தால் அந்த வரிகளை நீங்களே படிக்கலாம். ஒரு வரி நூறு எழுத்துக்குக் குறையாது. இரண்டு லட்சம் வரிக்கு இரண்டு கோடி எழுத்துக்கு மேல். இருபது முப்பது எம்பி வருவதில் வியப்பில்லை.

பிடிஎஃப்பில் இதே குறிப்புகள் உள்ளுக்குள் சுருக்கப்பட்டு இருப்பதால் கோப்பின் அளவு சில எம்பியாகவே தெரியும். அதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. திறக்கும்போது இரண்டு லட்சம் வட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தாக வேண்டும். புள்ளிகளைப் பாதி ஒளிபுகும்படி வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் அடியில் உள்ள நிறத்தோடு கலந்து கணக்கிடவும் வேண்டும். திணறல் அங்கேதான். உங்கள் கணினியில் அரை நிமிடம் ஆகிறது என்றால், கட்டுரையை மதிப்பிடுபவரின் கணினியிலும், அச்சகத்தில் பக்கத்தைத் தயாரிக்கும் கணினியிலும் அதே கதைதான். பக்கத்தை உருட்டும்போதெல்லாம் அந்த ஒரு படத்தில் வந்து நின்றுவிடும்.

இவ்வளவு வேலையும் வீண் என்பதையும் கவனியுங்கள். ஆய்விதழின் ஒரு பத்தி அகலம் 90 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எல்சவியர் இதழ்களில் அதுதான் வழக்கமான அளவு. அச்சுக்கோடுகளுக்கும் எண்களுக்கும் இடம் விட்டபின், புள்ளிகள் விழும் பரப்பு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் அகலமும் 58 மில்லிமீட்டர் உயரமும்தான். ஏறத்தாழ ஓர் ஏடிஎம் அட்டையின் அளவு. அதற்குள் இரண்டு லட்சம் வட்டங்கள் ஒன்றையொன்று மூடிக்கொண்டு கிடக்கின்றன. எந்த ஒரு வட்டத்தின் விளிம்பையும் தனியாகப் பார்க்கப் போகிறவர் யாரும் இல்லை. அந்தக் கூட்டம் எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே மெலிகிறது என்பதே வாசகருக்கு வேண்டியது. அதைக் காட்டப் பிக்சல் படம் போதும். எழுத்துகளின் நிலை வேறு. ஏழு எட்டுப் பாயிண்ட் அளவில் அச்சாகும் எண்ணின் விளிம்பு சற்றுக் கலங்கினாலும் கண் உடனே பிடித்துவிடும். அவை வெக்டராகவே இருக்க வேண்டும்.

ஆகவே புள்ளி அடுக்கை மட்டும் பிக்சலாக்கி, மற்ற எல்லாவற்றையும் வெக்டராக விட்டு, ஒரே பிடிஎஃப்பில் சேமியுங்கள். மேட்பிளாட்லிப்பில் இதற்கு ஒரு சொல்தான் கூடுதலாகத் தட்ட வேண்டும்.

```python
import matplotlib.pyplot as plt
plt.rcParams["pdf.fonttype"] = 42
plt.rcParams["font.size"] = 8
mm = 1 / 25.4

fig, ax = plt.subplots(figsize=(90*mm, 70*mm),
                       layout="constrained")
ax.scatter(temp, moist, s=1, alpha=0.15,
           linewidths=0, rasterized=True)
ax.plot(x, fit, color="black", lw=1)
fig.savefig("fig3.pdf", dpi=600)
```

`rasterized=True` என்பதே அந்தச் சொல். அது `scatter` வரிக்குள் மட்டும் இருப்பதைப் பாருங்கள். கீழே உள்ள போக்குக் கோட்டுக்கு அதைக் கொடுக்கவில்லை. எனவே கோடு வெக்டராகவே போகும். கடைசி வரியில் உள்ள `dpi=600` புள்ளி அடுக்குக்கு மட்டும் பொருந்தும். 75 மில்லிமீட்டர் என்பது 2.95 அங்குலம், 600 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,770 பிக்சல் அகலம். கோடும் நிழலும் கலந்த படத்துக்கு எல்சவியர் கேட்பது 500 டிபிஐ என்பதால், 600 போதுமானதற்குச் சற்று மேலேயே இருக்கிறது. கோப்பு ஓரிரு எம்பிக்குள் அடங்கி, தட்டியவுடன் திறக்க வேண்டும். ஆர் மொழியில் வரைபவர்களுக்கு `ggrastr` என்ற தொகுப்பில் உள்ள `rasterise()` இதே வேலையைச் செய்கிறது.

இனி, உங்கள் கேள்வியில் நீங்கள் பிரச்சினையாகவே சொல்லாத ஒன்று. பத்துக்கு ஏழு அங்குலம் என்று வரைந்திருக்கிறீர்கள். அது 90 மில்லிமீட்டர் பத்திக்குள் போக வேண்டுமென்றால் 3.54 அங்குலமாகச் சுருங்க வேண்டும். படம் சுருங்கும்போது எழுத்தும் சேர்ந்து சுருங்கும். திரையில் 10 பாயிண்ட் அளவில் அழகாகத் தெரிந்த எண்கள் தாளில் 3.5 பாயிண்டாகிவிடும். மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்தைவிடச் சிறியது. வெக்டராக இருப்பதால் மங்காது, ஆனால் படிக்கவும் முடியாது. என்னிடம் வரும் படங்களில் நான் திருப்பி அனுப்புபவற்றில் பெரும்பாலானவை இந்தக் காரணத்துக்காகத்தான் திரும்புகின்றன. கோப்பு வகையெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் மேலே உள்ள நிரலில் `figsize` கடைசி அச்சளவிலேயே இருக்கிறது, எழுத்து 8 பாயிண்டாக இருக்கிறது. திரையில் சின்னதாகத் தெரிகிறதே என்று பதறி மாற்றிவிடாதீர்கள்.

இதே இடத்தில் இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஓரம் வெட்டுப்படாமல் இருக்க `bbox_inches="tight"` என்று எல்லோரும் சேர்த்துக்கொள்கிறார்கள். அது வெள்ளை ஓரத்தை வெட்டிவிடுவதால், அல்லது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எழுத்தைச் சேர்த்துக்கொள்வதால், 90 என்று கொடுத்த அகலம் 86 ஆகவோ 97 ஆகவோ வெளியே வரும். பக்கம் அமைப்பவர் அதை மறுபடி 90க்கு இழுப்பார், எழுத்தின் அளவு மீண்டும் மாறும். ஒரே கட்டுரையில் நான்கு படங்களில் நான்கு விதமான எழுத்தளவு வருவது இப்படித்தான். `layout="constrained"` என்பது தாளின் அளவைத் தொடாமல், உள்ளே இருப்பவற்றை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுக்கிறது.

சேமித்த பிறகு சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பிடிஎஃப்பைத் திறந்து 1600 விழுக்காடு வரை பெரிதாக்குங்கள். எண்களின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்க வேண்டும். புள்ளிகள் மட்டும் சிறு சதுரங்களாக உடைந்து தெரிய வேண்டும். எண்களும் சதுரங்களாகத் தெரிந்தால் முழுப் படமும் பிக்சலாகிவிட்டது என்று பொருள். பிஎன்ஜி படத்தை வேர்டில் ஒட்டி, அதைப் பிடிஎஃப்பாகச் சேமித்துவிட்டு, “வெக்டர் அனுப்பியிருக்கிறேன்” என்று சொல்பவர்கள் உண்டு. பெட்டியை மாற்றினால் உள்ளே இருக்கும் சரக்கு மாறாது. இந்தச் சோதனையில் அது உடனே தெரிந்துவிடும்.

கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் உறுதி செய்துகொள்ள, பாப்ளர் என்ற இலவசக் கருவித் தொகுப்பில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன.

```
pdffonts fig3.pdf
pdfimages -list fig3.pdf
```

முதலாவது, கோப்பில் உள்ள எழுத்துருக்களைக் காட்டும். வகை என்ற இடத்தில் `TrueType` என்ற சொல்லும், `emb` என்பதன் கீழ் `yes` என்பதும் வர வேண்டும். `Type 3` என்று வந்தால் நிரலில் உள்ள 42 என்ற வரியை விட்டுவிட்டீர்கள். மேட்பிளாட்லிப் தானாக எடுத்துக்கொள்வது மூன்றாம் வகையைத்தான். சில இதழ்களின் சோதனை மென்பொருள் அதை ஏற்காமல் கோப்பையே திருப்பி அனுப்பும். இரண்டாவது கட்டளை கோப்புக்குள் இருக்கும் பிக்சல் படங்களைப் பட்டியலிடும். உங்கள் கோப்பில் `image` என்று ஒரு வரியும் `smask` என்று ஒரு வரியும் வரும். இரண்டாவது வரியைக் கண்டு குழம்ப வேண்டாம். அது ஒளிபுகும் அளவைக் குறித்து வைக்கும் முகமூடி. `x-ppi` என்ற இடத்தில் 600 இருந்தால் எல்லாம் சரி. பட்டியலே காலியாக இருந்தால் `rasterized` வேலை செய்யவில்லை, இரண்டு லட்சம் வட்டங்களும் அப்படியே உள்ளே இருக்கின்றன.

“இபிஎஸ் கோப்பும் ஏற்கப்படும்” என்று ஆய்விதழின் குறிப்பில் எழுதியிருப்பார்கள். உங்கள் படத்துக்கு அதைத் தொடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் ஃபுளூரைடு எவ்வளவு என்று மாதந்தோறும் அளந்த ஒரு கட்டுரைக்கு நான் படம் வரைந்து கொடுத்தேன். மாதச் சராசரி ஒரு நீலக்கோடு. அதைச் சுற்றி, அளவீட்டின் ஐயப்பாட்டைக் காட்டும் வெளிர்நீலப் பட்டை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் வேறு நீர் கிடைக்காதபோது அனுமதிக்கப்படும் மேல் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதை ஒரு சிவப்புக் கோடாகப் பின்னால் போட்டிருந்தேன். இதழ் இபிஎஸ் கேட்டது, கொடுத்தேன். மேட்பிளாட்லிப் எழுதும் இபிஎஸ்ஸில் ஒளிபுகும் நிறம் என்று ஒன்று இல்லை. வெளிர்நீலமாக இருந்த பட்டை அடர்நீலமாகி, பின்னால் இருந்த சிவப்புக் கோட்டை மூன்று மாத அகலத்துக்கு மூடிவிட்டது. எந்த மாதங்களில் நீர் வரம்பைத் தாண்டியது என்பதுதான் கட்டுரையே. சரியாக அந்த மாதங்களில் வரம்புக் கோடு காணாமல் போயிருந்தது. திரையில் ஓர் எச்சரிக்கை வரி ஓடியிருக்கிறது, நான் படிக்கவில்லை. மெய்ப்புப் பக்கம் வந்தபோது கட்டுரை ஆசிரியர்தான் கண்டுபிடித்தார். உங்கள் புள்ளிகளுக்கு `alpha=0.15` இருக்கிறது. இபிஎஸ்ஸில் அதை நம்பி அனுப்ப முடியாது. இபிஎஸ்ஸைத் தவிர வேறு எதையும் ஏற்கமாட்டோம் என்றால், ஒளிபுகும் நிறத்தை விட்டுவிட்டு வெளிர்நிறத்தையே நேரடியாகத் தேர்ந்தெடுத்து, பட்டை போன்றவற்றை எல்லாவற்றுக்கும் அடியில் வரையுங்கள். உங்களுக்குப் பிடிஎஃப் கொடுக்கும் வழி இருக்கும்வரை அந்தத் தொல்லை வேண்டாம்.

சரி, நெறியாளர் சொன்ன பிஎன்ஜி எப்போது உண்மையிலேயே நல்லது?

அவரிடம் வரைவைக் காட்டும்போது. வேர்டில் ஒட்டித் திருத்தங்களுக்காகக் கைமாறிக்கொண்டிருக்கும் கட்டுரையில் பிஎன்ஜி எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும். எழுத்துரு இல்லை, பழைய வேர்டு என்ற தகராறுகள் வராது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேர்டு, படங்களைத் தானாகவே சுருக்கிச் சேமிக்கும் வழக்கம் உடையது. அதன் மேம்பட்ட அமைப்புகளில், கோப்பில் உள்ள படங்களைச் சுருக்காதே என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். புகைப்படமாகப் போனால் அது ஜேபெக் ஆகிவிடும். ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், எண்களைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஒரு சாம்பல் புகை நிற்கும். பிஎன்ஜி எதையும் இழக்காமல் சுருக்குகிறது, அந்தப் புகை வராது. வரைபடத்தை எந்தக் கட்டத்திலும் ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். ஒருமுறை வந்த புகையை அதன்பிறகு பிஎன்ஜியாக மாற்றினாலும் எடுக்க முடியாது.

இன்னொரு சமயம், படம் முழுவதுமே பிக்சலாக இருக்கும்போது. செயற்கைக்கோள் படத்தின் மேல் தோப்பின் எல்லையைக் குறித்தீர்கள் என்றால், அடியில் இருப்பது புகைப்படம்தான். அதே உங்கள் தரவை வைத்து, குறுக்கே 365 நாட்கள், நெடுக்கே 24 மணிகள் என்று வெப்பநிலையை வண்ணக் கட்டங்களாகக் காட்டும் படம் போட்டாலும் அப்படித்தான். அதில் 8,760 கட்டங்கள் வரும். வெக்டராகச் சேமித்தால் கோப்பு ஒன்றும் பெரிதாகாது, ஆனால் சில பிடிஎஃப் வாசிப்பான்களில் கட்டங்களுக்கு நடுவே மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள் தெரியும். அவை தரவில் இல்லாதவை. அடுத்தடுத்த இரு கட்டங்களின் விளிம்புகளையும் தனித்தனியாக மென்மையாக்கும்போது இடையில் கசியும் வெண்மை. பார்ப்பவர் அதைத் தரவின் இடைவெளி என்று நினைத்துவிடுவார். இந்தக் கட்டங்களுக்கும் `pcolormesh` வரியில் `rasterized=True` கொடுத்தால் போதும். எழுத்துகள் வெக்டராக நிற்கும்.

மூன்றாவது சமயத்தை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. வெக்டர் கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் இடமும் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. யாரும் அதைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். எந்த வீட்டுக் கிணற்றில் எவ்வளவு ஃபுளூரைடு என்று ஊர்வாரியாக வரைபடம் போட்டால், தாளில் பார்ப்பதற்கு அது ஒரு பொட்டு. கோப்பில் அது துல்லியமான இடம். பெயரை வெளியிட மாட்டோம் என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்லித்தான் நீரை எடுத்திருப்பீர்கள். அங்கே தரவிலேயே இடத்தைச் சற்று நகர்த்திவிட்டு, வரைபடத்தைப் பிஎன்ஜியாகக் கொடுப்பதுதான் முறை. எக்ஸெல் சார்ட்டை வேர்டில் ஒட்டுபவர்களுக்கும் இதைச் சொல்வேன்: எப்படி ஒட்டினீர்கள் என்பதைப் பொறுத்து, சார்ட்டோடு முழு எக்ஸெல் கோப்புமே உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

முழுப் படத்தையும் பிஎன்ஜியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று வந்தால் டிபிஐ என்ற எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். பிக்சல் எண்ணிக்கையே கணக்கு. 800 பிக்சல் அகலமுள்ள படத்தைத் திறந்து, அதில் 600 டிபிஐ என்று எழுதிச் சேமித்தால் ஒரு பிக்சல்கூடக் கூடாது. 90 மில்லிமீட்டர் பத்திக்குள் அது 226 டிபிஐயாகத்தான் விழும். உங்கள் படத்துக்கு 600 வேண்டுமானால் 2,126 பிக்சல் வேண்டும். வெறும் கோடும் எழுத்தும் மட்டுமுள்ள படத்துக்கு எல்சவியர் கேட்கும் 1000 டிபிஐக்கு 3,543 பிக்சல். அதைப் பெரிதாக்கும் மென்பொருளில் இழுத்துப் பெற முடியாது. `savefig` வரியில் `dpi` மாற்றி மறுபடி சேமிப்பதே வழி. பின்னணியை வெள்ளையாகவே வையுங்கள். ஒளிபுகும் பின்னணியோடு போன பிஎன்ஜி, வேறு கோப்பாக மாற்றப்படும்போது கருப்பாகி நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசிக் கோப்புக்குப் பிஎன்ஜி ஏற்காமல் டிஃப் மட்டும் கேட்கும் இதழ்களும் இருக்கின்றன. இழப்பில்லாத சுருக்கத்தோடு பிஎன்ஜியிலிருந்து டிஃப்புக்கு மாற்றினால் தரம் குறையாது.

உங்கள் நெறியாளருக்கு இன்றே 600 டிபிஐ பிஎன்ஜியை அனுப்பிவிடுங்கள். இதழுக்கு அந்தக் கலப்புப் பிடிஎஃப். அனுப்புவதற்கு முன் கிருஷ்ணகிரியில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் அதை ஒரு தாளில் எடுத்துப் பாருங்கள். அச்சிடும்போது தாளுக்குப் பொருத்து என்ற தேர்வை எடுத்துவிட்டு, உண்மையான அளவிலேயே எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஓர் அளவுகோலை வைத்துப் படத்தின் அகலம் 90 மில்லிமீட்டர் வருகிறதா என்று அளந்துவிட்டு, ஈரப்பத அச்சில் உள்ள எண்களைக் கை நீட்டிய தூரத்தில் வைத்துப் படியுங்கள்.